கூட்டாண்மை கலைப்பு: கடனை அடைத்த பின் மிஞ்சும் பணம் யாருக்கு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலை மூடிவிட்டோம். கடன் எல்லாம் அடைத்தது போக கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. லாப விகிதத்திலேயே பிரித்துக்கொள்ளலாமா?

கூடாது. கணக்கு எழுதும் தொழிலில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த கலைப்புத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

லாப விகிதம் என்பது லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிப்பதற்கு. பணத்தைப் பிரிப்பதற்கு அல்ல. சொத்துக்களை விற்றதில் வந்த நஷ்டத்தை முதலில் அந்த விகிதத்தில் ஒவ்வொருவரும் போட்ட மூலதனத்தைக் காட்டும் முதல் கணக்கிலும் கழிக்க வேண்டும். கழித்த பிறகு ஒருவருடைய முதல் கணக்கில் என்ன மிச்சம் நிற்கிறதோ, அதுதான் அவருக்குப் போக வேண்டிய பணம். நிறைய முதல் போட்டவருக்கு நிறைய மிஞ்சும். குறைவாகப் போட்டவருக்குக் குறைவாகவே மிஞ்சும், சில நேரம் ஒன்றுமே மிஞ்சாது. இருவரும் லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்தவர்களாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

எல்லோருடைய முதலும் திருப்பிக் கொடுக்கப்பட்ட பின்னரும் பணம் மீந்தால், அந்த மீதி மட்டும் லாப விகிதத்தில் போகும்.

அப்படியானால் வருகிற பணம் எந்த வரிசையில் வெளியே போக வேண்டும்?

சொத்துக்களை விற்கும் செலவு முதலில். அடுத்து வெளியாருக்குத் தர வேண்டிய கடன். அதன் பிறகு, முதல் கணக்கில் சேராமல் கூட்டாளிகள் நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுத்த கடன். கடைசியில்தான் முதல். இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவும், இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவும் வெளியார் கடன், கூட்டாளி கடன், முதல், மீதி என்ற இதே வரிசையைத்தான் சொல்கின்றன. கூட்டாளிகள் தங்களுக்குள் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஒப்பந்தம் வெளியாரைப் பின்னுக்குத் தள்ளாது.

ஒரு சொத்தை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து விற்ற பணத்தில் முதல் உரிமை உண்டு. அது போதாமல் போனால், மீதிக்கு அவரும் மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்பார்.

என் மனைவி அவர் பணத்தில் இருந்து நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தார். நானும் தனியாகக் கடன் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. உங்கள் மனைவி கூட்டாளி இல்லை என்றால், அவர் சொந்தப் பணத்தில் இருந்து கொடுத்தது வெளியார் கடன். சரக்குக் கொடுத்தவர்களுக்குச் சமமாக அவருக்கும் கிடைக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது கூட்டாளி கடன். வெளியார் அனைவருக்கும் முழுதாகக் கொடுத்த பிறகே அதைத் தொட முடியும்.

உங்கள் முதல் கணக்கு கடைசியில் பற்றில், அதாவது நீங்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டிய நிலையில் நிற்கும் என்று தோன்றினால் இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது உங்கள் கடனைத் திருப்பி வாங்குவதற்கு முன் இரண்டையும் நேர்செய்ய வேண்டும். ஒரு கையில் கடனை வாங்கிக்கொண்டு, முதல் கணக்கின் பாக்கியை மறு கையில் வைத்திருப்பதை மற்றக் கூட்டாளிகள் ஏற்க வேண்டியதில்லை.

ரியலைசேஷன் கணக்கு என்று ஆடிட்டர் ஒன்று போட்டார். அது எதற்கு?

விற்பனையில் மொத்தமாக லாபமா நஷ்டமா என்பதை ஒரே இடத்தில் பார்ப்பதற்கு. ரொக்கமும் வங்கி இருப்பும் நீங்கலாக எல்லாச் சொத்துக்களும் புத்தக மதிப்பில் அதன் பற்றுப் பக்கம் போகும். வெளியார் கடன்கள் வரவுப் பக்கம் வரும். பிறகு விற்ற பணம் வரவில், கடனை அடைத்த பணமும் செலவும் பற்றில். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபமோ நஷ்டமோ. அதை விகிதப்படி முதல் கணக்குகளுக்கு மாற்றினால் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

கூட்டாளி கொடுத்த கடன் இதற்குள் வரவே கூடாது. அது தனிக் கணக்காகவே நின்று, ரொக்கம் கொடுத்துத் தீர வேண்டும். புத்தகத்தில் மதிப்பே இல்லாத பழைய பொருள் ஏதாவது விலை போனால், அந்தத் தொகை முழுவதும் இந்தக் கணக்கின் வரவில் வர வேண்டும். அது இங்கே வரவில்லை என்றால், யாரோ ஒருவர் பையில் போயிருக்கிறது என்று பொருள்.

எங்கள் சொத்துக்கள் ஒரே நாளில் விற்கவில்லை. பணம் மாதம் மாதமாகத்தான் வருகிறது. கடைசி வரை காத்திருக்க வேண்டுமா, வர வரக் கொடுக்கலாமா?

வர வரக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் "இனி ஒரு காசுகூட வராது" என்று நினைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். இதற்கு அதிகபட்ச நஷ்ட முறை என்று பெயர். என்னைக் கேட்டால், கலைப்புக் கணக்கில் ஒரு கூட்டாளி கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதிர், மலர், வேலன் என்று மூன்று கூட்டாளிகள் என்று வைத்துக்கொள்வோம். லாப நஷ்ட விகிதம் 2:2:1. முதல் கணக்கில் கதிருக்கு 60,000, மலருக்கு 30,000, வேலனுக்கு 20,000. வெளியாருக்குத் தர வேண்டியது 40,000. கதிர் தனியாகக் கொடுத்த கடன் 10,000. ஆக மொத்தம் 1,60,000. எதிர்ப்பக்கத்தில் ரொக்கம் 5,000, வரவேண்டிய பாக்கி 45,000, சரக்கிருப்பு 50,000, இயந்திரம் 60,000.

முதல் தவணையில் பாக்கியில் 28,000 வசூலாகிறது. கையிலிருந்த ரொக்கத்தோடு சேர்த்தால் 33,000. விற்பனைச் செலவுக்கென்று 3,000 ஒதுக்கி வைத்துவிட்டு, மீதி 30,000-ஐ வெளியாருக்குக் கொடுக்க வேண்டும். அடமானம் இல்லாத கடன்கள் என்றால், யாருக்கும் முழுதாகக் கொடுக்காமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கியில் முக்கால் பங்கு கொடுப்பதே நியாயம். சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பொறுமையாக இருப்பவரைக் காக்க வைப்பது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் வழக்கம்.

இரண்டாம் தவணையில் சரக்கு முழுவதும் 35,000-க்கு விலை போகிறது. இதில் வெளியார் மீதி 10,000, கதிரின் கடன் 10,000 இரண்டும் தீர்கின்றன. மிஞ்சுவது 15,000. முதல் முறையாகக் கூட்டாளிகள் பிரித்துக்கொள்ளக்கூடிய பணம் இதுதான்.

இயந்திரமும் மீதிப் பாக்கியும் இன்னும் கைக்கு வரவில்லை. அவை சுத்தமாக வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரின் முதல் மொத்தம் 1,10,000, கையில் 15,000. ஆக அதிகபட்ச நஷ்டம் 95,000. இதை 2:2:1-இல் கழித்தால் இப்படி வரும்:

| | கதிர் | மலர் | வேலன் |
|---|---|---|---|
| முதல் | 60,000 | 30,000 | 20,000 |
| அதிகபட்ச நஷ்டத்தில் பங்கு | 38,000 | 38,000 | 19,000 |
| மிச்சம் | 22,000 | −8,000 | 1,000 |

மலரின் கணக்கு 8,000 குறைவில் நிற்கிறது. அவரால் அதைக் கொண்டுவர முடியாது என்றே இப்போதைக்கு எண்ண வேண்டும். அந்தக் குறை மற்ற இருவர் மேல் ஏறும். வேலனின் மிச்சம் வெறும் 1,000 என்பதால் அவரும் குறைவுக்குப் போய்விடுவார். அவருடைய குறையும் கதிரின் மேலேயே விழும். கடைசியில் நிற்பது கதிரின் 15,000 மட்டும். ஆக அந்தத் தவணை முழுவதும் கதிருக்கே.

மூன்று பேர் இருக்கும்போது ஒருவருக்கே எல்லாம் கொடுப்பது அநியாயமாகத் தெரிகிறதே?

பார்க்க அப்படித்தான் தெரியும். இதே கேள்வியை ஒரு கூட்டாளி என் மேசை முன் உட்கார்ந்து, கண்கலங்கக் கேட்டிருக்கிறார். அவருக்குக் காட்டியதையே இங்கேயும் காட்டுகிறேன்.

அந்த 15,000-ஐ 2:2:1-இல் பிரித்து, கதிருக்கும் மலருக்கும் ஆளுக்கு 6,000, வேலனுக்கு 3,000 கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் பின் மீதிச் சொத்துக்களுக்கு வெறும் 10,000 மட்டுமே கிடைக்கிறது. அப்போது கூட்டாளிகளுக்கு மொத்தம் வந்தது 25,000, நஷ்டம் 85,000. அதில் மலரின் பங்கு 34,000. அவருடைய முதலோ 30,000 மட்டுமே. அவர் கையிலிருந்து 4,000 போட வேண்டியவர். ஆனால் ஏற்கெனவே 6,000 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆக 10,000 திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் இதற்குள் செலவாகியிருந்தால், அதன் பாரம் கதிர் மேலும் வேலன் மேலும்தான் விழும்.

கதிருக்கு முதலில் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. அடுத்து எவ்வளவு குறைவாக வந்தாலும் அவர் திருப்பித் தர வேண்டிய நிலை ஏற்படாது. நிறைய வந்தால் மற்றவர்களின் பங்கு பின்னால் தானாகவே வந்து சேரும். இங்கே மலருக்கும் வேலனுக்கும் உரிமை போய்விடவில்லை. அவர்கள் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தவணைக்கும் இப்படிக் கணக்குப் போட வேண்டுமா? சுருக்கு வழி இல்லையா?

இருக்கிறது. மிகை முதல் முறை என்பார்கள். தொடக்கத்திலேயே ஒரு முறை போட்டுவிட்டால் போதும்.

ஒவ்வொருவரின் முதலையும் அவரவர் விகித எண்ணால் வகுங்கள். கதிருக்கு 60,000-ஐ 2-ஆல் வகுத்தால் 30,000. மலருக்கு 15,000. வேலனுக்கு 20,000. யாருடைய எண் பெரியதோ அவர் நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்கு மேல் முதல் போட்டிருக்கிறார். பணம் முதலில் அவருக்கு.

கதிரின் 30,000 வேலனின் 20,000 அளவுக்கு இறங்க வேண்டும். வித்தியாசம் 10,000, விகித எண் 2 என்பதால் 20,000. எனவே கூட்டாளிகளுக்கென்று முதலில் வரும் 20,000 கதிருக்கு மட்டும். அதன் பிறகு இருவரும் சேர்ந்து மலரின் 15,000 அளவுக்கு இறங்க வேண்டும்: கதிருக்கு 10,000, வேலனுக்கு 5,000. இந்த 35,000 போனதும் மூவரின் முதலும் சரியாக 2:2:1-இல் நிற்கும். அதற்கு மேல் வருவது எல்லாம் லாப விகிதத்திலேயே போகலாம்.

இப்போது மூன்றாம் தவணைக்கு வருவோம். இயந்திரம் 33,000-க்கு விலை போகிறது, மீதிப் பாக்கியில் 7,000 வசூலாகிறது, மிச்சம் வராக்கடன். செலவு ஒதுக்கிய 3,000-க்குள் முடிந்தது. மொத்தம் 40,000. கதிருக்கு அந்த 20,000-இல் இன்னும் பாக்கி 5,000. அதை முதலில் கொடுக்க வேண்டும். அடுத்த 15,000-இல் கதிருக்கு 10,000, வேலனுக்கு 5,000. மீதி 20,000-ஐ 8,000, 8,000, 4,000 என்று பிரிக்க வேண்டும். ஆக எல்லாத் தவணையும் சேர்த்து முதல் கணக்கில் கதிர் பெற்றது 38,000, மலர் 8,000, வேலன் 9,000.

மொத்த நஷ்டம் 55,000-ஐ நேரடியாக 22,000, 22,000, 11,000 என்று மூவரின் முதல் கணக்கிலும் கழித்துப் பாருங்கள். இதே விடை வரும். வராவிட்டால் நடுவில் எங்கோ பிசகியிருக்கிறது.

கடைசியில் ஒரு கூட்டாளி கணக்கு குறைவில் நிற்கிறது. அவரிடம் பணமே இல்லை. அந்தக் குறையை யார் ஏற்பது?

கடனைக் கட்டக்கூடிய நிலையில் உள்ள மற்றக் கூட்டாளிகள். எந்த விகிதத்தில் என்பதில்தான் வழக்கே நடந்தது. இங்கிலாந்தில் தீர்ப்பான கார்னர் எதிர் மரே வழக்கில் மூன்று கூட்டாளிகளும் லாபத்தைச் சமமாகப் பிரித்தவர்கள், ஆனால் சமமாக முதல் போடாதவர்கள். அவர்களில் வில்கின்ஸ் என்பவரால் தன் குறையைக் கட்ட முடியவில்லை. விற்பனை நஷ்டத்தை எல்லோரும் லாப விகிதத்தில் ஏற்க வேண்டும், ஆனால் நொடித்துப்போனவரின் குறை வியாபார நஷ்டம் அல்ல, ஆகவே அது மற்றவர்களின் முதல் விகிதத்தில் போகும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். கலைப்புக்கு முன் கடைசியாக ஒத்துக்கொள்ளப்பட்ட முதலையே இதற்கு எடுத்துக்கொள்வார்கள்; நஷ்டம் கழித்த முதலை அல்ல.

மேலே சொன்ன 25,000 உதாரணத்தில் மலர் தர வேண்டிய 4,000 வராது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் போக கதிரின் கணக்கில் 26,000, வேலனின் கணக்கில் 3,000 நிற்கிறது. முதல் விகிதம் 60,000-க்கு 20,000, அதாவது 3:1. கதிர் 3,000, வேலன் 1,000 ஏற்கிறார்கள். கதிருக்கு 23,000, வேலனுக்கு 2,000. லாப விகிதமான 2:1-இல் ஏற்றியிருந்தால் வேலனுக்கு 1,667 மட்டுமே கிடைத்திருக்கும்.

இந்தத் தீர்ப்பை எனக்கு முழுமனதோடு ஏற்க முடிந்ததில்லை. நிறைய முதல் போட்டு நிறுவனத்தைத் தாங்கியவரையே இது கூடுதலாகத் தண்டிக்கிறது. நல்லவேளையாக, ஒப்பந்தப் பத்திரத்தில் "ஒருவரின் குறையை மற்றவர்கள் லாப விகிதத்தில் ஏற்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வரிதான் செல்லும். பத்திரம் எழுதும் நாளில் யாரும் இதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. ஆனால் எல்லோரும் நல்ல மனதோடு உட்கார்ந்திருக்கும் அந்த நாளில்தான் இதை எழுத முடியும்.

ரொக்கத்துக்குப் பதில் இயந்திரத்தையே நான் எடுத்துக்கொள்ளலாமா?

மற்றவர்கள் விலையை ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த ரொக்கத்துக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. மலர் அந்த இயந்திரத்தை 33,000-க்கு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். கடைசிக் கணக்கில் அவருக்குச் சேர வேண்டியது 8,000 மட்டும். ஆகவே 25,000 ரொக்கமாகக் கொண்டுவந்தால்தான் கதிருக்கும் வேலனுக்கும் அவர்கள் பங்கு போய்ச் சேரும். "என் முதல் 30,000 இருக்கிறதே, 3,000 கொடுத்தால் போதாதா" என்று மலர் நினைப்பது இயல்பு. நஷ்டத்தைக் கழிக்காத முதல் வெறும் புத்தக எண்.

புத்தக மதிப்பிலேயே எடுத்துக்கொள்ள யாராவது துடித்தால், வெளியில் அதற்கு என்ன விலை என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

எல்லாம் பிரித்து முடித்த பிறகு ஒரு பழைய வரி பாக்கி வந்து நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

கூட்டாளிகள்தான் கட்ட வேண்டும். சாதாரணக் கூட்டாண்மையில் பொறுப்புக்கு எல்லை இல்லை. கடன் கொடுத்தவர் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வரி பாக்கி நிறுவனத்தின் நஷ்டம் என்பதால் இந்தப் பங்கு லாப விகிதத்தில் வரும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், முடிவாகாத வரிக் கணக்கு, தள்ளுபடி செய்து வங்கியில் பணமாக்கிய உண்டியல்கள், மற்றவர்களுக்காகக் கொடுத்த உத்தரவாதம், வேலையாட்களுக்குத் தர வேண்டிய பணம் இவற்றைப் பட்டியலிட்டு, அதற்கான தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்தத் தொகையையும் அதிகபட்ச நஷ்டத்துக்குள் சேர்த்தே கணக்கிட வேண்டும். வராமல் போனால் பின்னர் விடுவித்து, அதே வரிசையில் கொடுக்கலாம்.

கலைப்பைப் பற்றிப் பொது அறிவிப்பு கொடுத்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். கொடுக்காத வரை, ஒரு கூட்டாளி பழைய பெயரில் வாங்கும் புதுச் சரக்குக்கும் எல்லோரும் பொறுப்பாக நேரிடலாம்.

கணக்கு சரியாக முடிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கு படித்தவன் இல்லை.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முந்தைய நிமிடத்தில் இரண்டு தொகைகளைக் கேளுங்கள். வங்கியிலும் கையிலும் உள்ள மொத்தப் பணம் எவ்வளவு? கூட்டாளிகள் அனைவரின் முதல் கணக்கு மிச்சங்களைக் கூட்டினால் எவ்வளவு? இரண்டும் காசு பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அந்த நிமிடத்தில் ரொக்கம் 40,000. கதிர் ஏற்கெனவே 15,000 பெற்றுவிட்டதால் அவர் மிச்சம் 23,000, மலர் 8,000, வேலன் 9,000, கூட்டினால் 40,000.

ரொக்கம் குறைவாக இருந்தால், கூட்டாளி ஒருவர் எடுத்துக்கொண்ட பொருளோ பணமோ அவர் கணக்கில் ஏறவில்லையா என்று முதலில் பாருங்கள். ரொக்கம் கூடுதலாக இருந்தால், தீர்ந்ததாகக் குறித்த ஒரு கடன் உண்மையில் இன்னும் கொடுக்கப்படாமல் இருக்கலாம். வித்தியாசம் சிறியது என்று "சில்லறைச் செலவு" தலைப்பில் தள்ளச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தொகை எங்கே போனது என்று தெரியும் வரை கடைசித் தவணை வங்கியிலேயே இருக்கட்டும்.